பத்திரிகையோடு போகும் கடிதம்

புதுமனை புகுவிழாப் பத்திரிகை அடிப்பதற்குப் பெரிய யோசனை எதுவும் தேவையில்லை. அச்சகத்தில் மாதிரிப் புத்தகத்தை நீட்டுவார்கள். மேலே குலதெய்வத்தின் பெயர், அதன் கீழே 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கித் தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், லக்னம், பிறகு முகவரி, கடைசியில் அழைப்பவர்களின் பெயர்கள். புறநகரில் மனை வாங்கிக் கட்டிய வீட்டுக்கோ, புதிதாக வாங்கிய அடுக்ககத்துக்கோ இதுவே போதும். வருகிறவர் யாரும் அந்த வீட்டை முன்பு பார்த்ததில்லை. வந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள்.

பூர்வீக வீட்டைப் பிரித்துக் கட்டிப் புதுப்பிக்கும்போது கதை வேறு. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகிப் போனவர்கள் வருவார்கள். அவர்கள் மனத்தில் ஒரு வீடு இருக்கிறது. நிலைப்படியைத் தாண்டியதும் அதைத்தான் தேடுவார்கள். ஊஞ்சல் இருந்த இடத்தில் சோபா கிடந்தால், விசேஷ வீட்டில் அத்தனை பேர் நடுவில் அழ முடியாமல் ஒரு ஓரமாய்ப் போய் உட்காருவார்கள். இடித்ததும் கட்டியதும் சரியான காரணத்துக்காக இருக்கலாம். ஆனால் அதை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் பத்திரிகையோடு ஒரு கடிதம்.

இப்படி ஒரு கடிதம் எழுதப்பட்டபோது நானும் கூட உட்கார்ந்திருந்தேன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தெருவைப் பார்த்த திண்ணை, அடுத்து ரேழி, கூடம், நடுவில் முற்றம், இரண்டாம் கட்டில் அடுப்படி, பின்னால் கொல்லை என்று அந்தப் பக்கத்து வழக்கப்படி நீளமாகப் போகும் ஓட்டு வீடு. 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் கூடத்துக் கூரை பாதி போனது. தார்ப்பாய் போட்டார்கள், ஓட்டை அடுக்கினார்கள், மறுபடி ஒழுகியது. நாட்டு ஓட்டை வருஷா வருஷம் பிரித்து மாற்ற ஆள் கிடைப்பதில்லை. உத்தரத்தில் கரையான். அங்கேயே தங்கிவிட்ட இளைய மகன் கடைசியில் துணிந்து வேலையில் இறங்கினார். அப்பா காலமாகிவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி. அக்கா திருச்சியில், அண்ணன் சென்னையில், அத்தை கும்பகோணத்தில்.

முதலில் அவர் எழுதிவைத்திருந்த வரைவில் ஆத்தங்குடிக் கல், தேக்குக் கதவு, கிரானைட் மேடை, விளக்கு அலங்காரம் என்று வரிசையாக இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அக்காவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அக்கா வந்து தேடப்போவது எதை என்று கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அதையே எழுதச் சொன்னேன். கடைசியில் உருவான கடிதம் இது:

"அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம். இங்கு அம்மா உட்பட எல்லோரும் நலம். உங்கள் நலமும் பிள்ளைகள் நலமும் அறிய ஆவல்.

இப்பவும் எழுதுவது என்னவென்றால், நம் வீட்டு வேலை அநேகமாக முடிந்துவிட்டது. தை மாதம் பால் காய்ச்சுகிறோம். பத்திரிகை இதோடு இருக்கிறது. நீ வருவதற்கு முன்னால் வீட்டில் என்னென்ன மாறியிருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் இல்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஊஞ்சல் இப்போது தொங்கவில்லை. சங்கிலி மாட்டியிருந்த உத்தரத்தைக் கரையான் தின்றுவிட்டது, தட்டினால் பொத்தென்று கேட்டது. பலகை நன்றாக இருந்தது. அதற்குக் கால் வைத்துத் திண்ணையில் போட்டிருக்கிறேன். சங்கிலியை அம்மா தன் அலமாரியில் வைத்திருக்கிறார். பத்தாயத்தையும் பிரித்துவிட்டோம். அதில் நல்ல பலகைகளை எடுத்துப் பூஜை அறைக்குக் கதவு செய்தோம். கதவின் உள்பக்கம் நீ கரியால் போட்ட கணக்கு இன்னும் தெரிகிறது, அதை இழைக்க வேண்டாம் என்று ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். மாட்டுக் கொட்டில் போய்விட்டது. அந்த இடத்தில் குளியலறையும் கழிப்பறையும் கட்டியிருக்கிறோம்.

அப்பா கடைசியில் படுத்திருந்த ரேழி அறையில் இப்போது அம்மா படுத்துக்கொள்கிறார். அம்மாதான் கேட்டு வாங்கிக்கொண்டார். ராத்திரி எழுந்தால் கொல்லை வரை நடக்க வேண்டாம் என்று அதிலேயே ஒரு கழிப்பறை வைத்து, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்திருக்கிறது. அப்பா படம் கூடத்தில் பழைய இடத்திலேயே இருக்கிறது.

கூடத்துக்கு இரும்புச் சட்டம் போட்டு சீமை ஓடு வேய்ந்திருக்கிறோம். தூண்கள் நான்கும் பழசுதான். தரையும் அதே சிவப்புத் தரைதான். தெற்குத் தூண் ஓரம் மட்டும் விரிசல் இருந்த இடத்தில் ஒட்டுப் போட்டது. எத்தனை முறை காவி கலந்தும் பழைய நிறம் வரவில்லை, பார்த்தால் தெரியும். முற்றத்துக்கு மேலே குரங்கு வராமல் கம்பி வலை. மழை விழும், அதை மூடவில்லை. முற்றத்தைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறோம். ஈரக்காலோடு நடந்தால் வழுக்கும்.

முக்கியமாக ஒன்று. இரண்டாம் கட்டில் தண்ணீர் தேங்குகிறது என்று தரையை அரை அடி உயர்த்தியிருக்கிறோம். கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகும் நிலையில் இப்போது ஒரு படி இருக்கிறது. நமக்கெல்லாம் இருட்டில் கால் பழகிய வழி அது. நானே இரண்டு தடவை இடித்துக்கொண்டேன். அத்தானிடமும் சொல்லிவை.

அடுப்படி கான்கிரீட் போட்டது. விறகடுப்பு இல்லை. அம்மியை எடுத்துக் கொல்லை வாசலில் போட்டிருக்கிறது. மேல் அறை வேலை இன்னும் பாக்கி, பூச்சு மட்டும் ஆகியிருக்கிறது. அதனால் அங்கே படுக்க முடியாது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் கூடத்துக்குப் பக்கத்து அறையில் தங்கிக்கொள்ளலாம். கட்டில் ஒன்று, மற்றவர்களுக்குப் பாய்.

முகூர்த்தம் விடிகாலை 4.30 மணி. முதல் நாள் மாலைக்குள் வந்துவிடு. நிறைகுடம் நீதான் எடுத்து வர வேண்டும் என்று அம்மா சொல்கிறார். வேறு எதுவும் வாங்கி வர வேண்டாம்.

உன் அன்புத் தம்பி."

இதில் ஓரிரு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். புதிதாக வந்தவற்றுக்கு முன்னால் இல்லாமல் போனவை சொல்லப்பட்டிருக்கின்றன. வழக்கமாக இதைக் கடைசியில், மென்று முழுங்கி எழுதுவார்கள், அல்லது எழுதாமலே விட்டுவிடுவார்கள். நல்ல செய்திகளை அடுக்கிவிட்டுக் கடைசி வரியில் ஊஞ்சலை எடுத்துவிட்டோம் என்று முடித்தால், படிக்கிறவருக்கு அந்த ஒரு வரிதான் நிற்கும். முதலிலேயே சொல்லி, ஏன் போனது என்று ஒரே வாக்கியத்தில் காரணம் சொல்லி, அதில் எது மிஞ்சியது, அது இப்போது எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிட்டால் அவர் மேலே படிப்பார். உத்தரத்தைத் தட்டினால் பொத்தென்று கேட்டது என்ற விவரம் அங்கே அவசியம். அது இல்லாவிட்டால், தம்பி மனைவிக்கு ஊஞ்சல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பும். கூட்டுக் குடும்பங்களில் இப்படிக் கிளம்பும் பேச்சு வருஷக்கணக்கில் அடங்காது.

இடங்களைச் சொல்லும் முறையும் முக்கியம். 'கிழக்குப் பக்கம் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு படுக்கையறை' என்பது கொத்தனாருக்குப் புரியும். அக்காவுக்கு அது ரேழி அறை, அப்பா படுத்திருந்த அறை. பழைய பெயராலேயே சொல்லி, அதில் இப்போது என்ன இருக்கிறது என்று எழுதினால்தான் அவர் மனக்கண்ணில் வீடு திறக்கும். துக்கம் நடந்த அறையை மாற்றியிருந்தால் அதை மறைக்கவே கூடாது. யார் அங்கே படுத்துக்கொள்கிறார், யார் விருப்பப்படி அது நடந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

தரையின் ஒட்டை அவர் எழுதத் தயங்கினார். குறையை எதற்கு நாமே சொல்ல வேண்டும் என்றார். சிவப்புத் தரை பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. காவியும் சிமெண்டும் கலந்து ஒரே வீச்சில் தேய்த்து இழைத்த தரை அது. பல வருஷம் கால் பட்டு, எண்ணெய்த் துணி பட்டு ஏறிய பளபளப்பு புது ஒட்டில் வராது. நிறமும் ஒரு சாயல் தள்ளியே நிற்கும். இது எல்லா ஊரிலும் நடப்பது. தரை முழுவதையும் உடைத்து டைல்ஸ் போட்டிருந்தால் ஒட்டே தெரிந்திருக்காது, பழைய தரையும் இருந்திருக்காது. எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பாற்றினோம் என்பதை அந்த ஒரு வரி அக்காவுக்குச் சொல்லிவிடுகிறது.

அரை அடிப் படியைப் பற்றிய பத்தியைத்தான் நான் இந்தக் கடிதத்தின் உயிர் என்பேன். புது வீட்டில் எல்லோரும் கீழே பார்த்து நடப்பார்கள். பழகிய வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. விடிகாலை முகூர்த்தம், அரைகுறை வெளிச்சம், கையில் தாம்பாளம், காலில் புடவைக் கொசுவம். அறுபது வயதுக்காரர் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். ஆகவே தரை உயரம் எங்கே மாறியிருக்கிறது, நிலை எங்கே தாழ்ந்திருக்கிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்தத் தரை வழுக்கும் என்பதெல்லாம் கட்டாயம் எழுத வேண்டியவை. எழுதியதோடு நிறுத்தாமல், விசேஷத்தன்று அந்தப் படியின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோலக் கோடு போட்டுவைக்கச் சொன்னேன். போட்டார்கள்.

முடியாத வேலையை முடியவில்லை என்று எழுதியிருப்பதையும் பாருங்கள். இதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலும் நாள் குறித்த பிறகுதான் வேலை வேகம் எடுக்கிறது. ஆடி, மார்கழியில் செய்வதில்லை, பல வீடுகளில் புரட்டாசி, பங்குனியையும் ஒதுக்குகிறார்கள். ஆகவே தையையும் மாசியையும் தவறவிட்டால் சித்திரை வரை காத்திருக்க வேண்டும் என்ற பயம் வருகிறது. சிமெண்ட் பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் விட வேண்டும், பிறகு ஏறக்குறைய நான்கு வாரம் காய வேண்டும், அதன் பிறகே பெயிண்ட். அவசரத்தில் ஈரச் சுவர்மீது பெயிண்ட் அடித்தால் விசேஷத்தன்று பளபளவென்று இருக்கும், சில மாதங்களில் கொப்புளம் விட்டு உரியத் தொடங்கும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு இன்னும் கவனம் தேவை. அது தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் பூசி அடைத்துவிட்டால் உப்புப் பூத்துப் பொரியும். இந்த வீட்டில் பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்பே அடித்தார்கள், மேல் அறையின் புதுப் பூச்சை விசேஷத்துக்காக அவசரப்படுத்தவில்லை. அதைக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டதால், சாம்பல் நிறச் சுவரைப் பார்த்து யாரும் கை முடையோ என்று கேட்கவில்லை.

செலவு எவ்வளவு என்று கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அது வேண்டுமென்றே விடப்பட்டது. பூர்வீக வீட்டில் உடன்பிறந்தாருக்கெல்லாம் உரிமை இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் ஆண்களுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மகள்களின் உரிமையை நாடு முழுவதற்கும் விரித்தது. இந்த வீட்டில் யாருக்கு என்ன பங்கு என்பதை அவர்கள் வேலை தொடங்கும் முன்பே வழக்கறிஞரை வைத்துப் பேசி, எழுதி முடித்துவிட்டார்கள். பேசி முடிக்காதவர்கள் அழைப்புக் கடிதத்தில் 'நான் இவ்வளவு போட்டிருக்கிறேன்' என்று எழுதினால் அது கணக்குக் காட்டுவதுபோல் ஆகிவிடும். அந்தப் பேச்சுக்கு வேறு நாள் வைத்துக்கொள்ள வேண்டும்.

சீர் விஷயமும் அப்படியே. நாத்தனார் விளக்கு எடுத்து வருவது, மனைவியின் பிறந்த வீட்டார் பானை, பாத்திரம், அரிசி, பருப்பு வைத்து வருவது என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு முறை இருக்கிறது. எதுவும் சொல்லாமல் விட்டால் வருகிறவர் தவிப்பார். இவ்வளவு செய்ய வேண்டும் என்று சொன்னால் கேட்டு வாங்குவதாகும். அக்காவுக்கு ஒரு வேலையை, நிறைகுடம் எடுக்கும் உரிமையை, அம்மாவின் வாயால் கொடுத்துவிட்டு, வேறு எதுவும் வேண்டாம் என்று முடித்தது சரியாக அமைந்தது.

ஒரே கடிதத்தை நகலெடுத்து எல்லோருக்கும் அனுப்பக் கூடாது. அண்ணனுக்கு எழுதியதில் ஊஞ்சல் இரண்டு வரிதான். அவருக்குக் கிணறுதான் எல்லாம். அதில்தான் நீச்சல் பழகினார். கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டு மோட்டார் வைத்ததையும், ராட்டினத்தைக் கழற்றாமல் விட்டதையும் அவருக்கு விரிவாக எழுதினார்கள். அண்ணன் பிள்ளைகள் சென்னையிலேயே வளர்ந்தவர்கள், அவர்களுக்குப் பழைய வீடு தெரியாது. அவர்களுக்கென்று கடைசியில் ஒரு பத்தி: இரண்டு கழிப்பறைகளில் ஒன்று மேற்கத்திய பாணி, சார்ஜ் போடும் இடம் எங்கே, வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்த வேண்டும் ஏனென்றால் தெருவில் திருப்ப முடியாது. அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது. அவருக்குப் பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில், அம்மா கையெழுத்தோடு போனது. அதில் படியும் கழிப்பறையும் மட்டும் விவரமாக இருந்தன. மீதியை நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள்.

முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு வைக்கப்பட்டது. பிறகு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு அத்தை வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நேரில் போனார்கள். நேரில் போகும்போது கடிதம் எதற்கு என்று கேட்கலாம். நேரில் போனால் காப்பி, பலகாரம், பிள்ளைகள் படிப்பு என்று பேச்சு ஓடிவிடும், ஊஞ்சலைப் பற்றி வாய் திறக்க வராது. கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் அவர்கள் தனியே படித்துக்கொள்வார்கள். அக்கா மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். சங்கிலியை விளக்கிவைக்கச் சொன்னார், கொல்லை மாமரக் கிளையில் பேரப்பிள்ளைகளுக்குக் கட்டிவிடலாம் என்றார். கிளை தாங்குமா என்று பார்க்கத் தம்பி அன்றைக்கே ஏறினார்.

வாட்ஸப்பில் படம் அனுப்புவது பற்றி அவர்களுக்குள் விவாதம் நடந்தது. அண்ணன் மகள் எல்லா அறையையும் காணொளி எடுத்துக் குடும்பக் குழுவில் போடலாம் என்றாள். அம்மா வேண்டாம் என்றார். எனக்கும் அம்மா சொன்னதே சரியாகப் பட்டது. படத்தில் புதுச் சுவர் தெரியும், ஏன் என்பது தெரியாது. தவிர, சங்கிலி எங்கே என்று குழுவில் ஒருவர் கேட்டால் நாற்பது பேர் நடுவில் பதில் சொல்ல வேண்டிவரும். தூரத்தில் இருந்து வரவே முடியாதவர்களுக்கு மட்டும், கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகப் படங்கள் அனுப்பினார்கள்.

கடிதங்கள் விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்னால் கைக்குப் போய்விட வேண்டும். ரயிலில் இடம் பிடிக்க அவ்வளவு நாள் வேண்டியிருக்கிறது. இடையில் பங்காளி வீட்டில் தீட்டு வந்துவிட்டால் நாளே தள்ளிப்போகும். அப்போது மறுபடி பத்திரிகை அடிக்கத் தேவையில்லை, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வாயால் சொன்னால் போதும், வீட்டைப் பற்றிய கடிதம் அப்படியே செல்லும். வருஷம் திரும்பாத துக்கம் உள்ள வீட்டுக்குப் பத்திரிகை வைப்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். இந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு சித்தப்பா வீடு இருந்தது. அவர்களுக்கு மஞ்சள் தடவிய பத்திரிகை போகவில்லை. கடிதம் மட்டும் போனது, முகூர்த்த நேரத்துக்குப் பதிலாக, சித்தப்பா திதி முடிந்த பிறகு எந்த மாதம் வந்து தங்குவது வசதி என்று கேட்டு.